நான்கு மணித்தியால அரங்கேற்றத்துக்கு எத்தனை ஜிபி?

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம், மூன்று கமரா, தனியாக ஒரு ஒலிப்பதிவுக் கருவி. கலியாண வீட்டில் கார்ட் நிறைந்தால் மாற்றிக்கொண்டு வந்து நிற்கலாம், மாப்பிள்ளை கொஞ்சம் பொறுப்பார். அரங்கேற்றத்தில் அந்தச் சலுகை இல்லை. வர்ணம் தொடங்கினால் 40 நிமிடத்துக்கு நாற்பது நிமிடமும் பதிவாக வேண்டும். அதனால் ஒரு நிமிடக் காட்சி எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, எந்தக் கமராவில் எந்தக் கார்ட், எங்கே மாற்றுவது என்று தாளில் எழுதிய பிறகுதான் பையைக் கட்டினேன். அந்தக் கணக்கை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "4கே எடுத்தால் எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் கிடையாது. கார்டை நிரப்புவது ரெசொலூஷன் அல்ல, பிட்ரேட். ஒரு செக்கனுக்கு எத்தனை மெகாபிட் எழுதப்படுகிறது என்பதுதான் கணக்கு. கமரா மெனுவில் `100M`, `60M` என்று தெரிவது அதுதான். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஒரு நிமிடத்துக்கு 60 செக்கன். 60ஐ 8ஆல் வகுத்தால் 7.5. ஆகவே:

```
MB/min = Mbps × 7.5
```

இந்த ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும், கைத்தொலைபேசியில் செயலி எதுவும் தேட வேண்டியதில்லை. `100M` என்றால் நிமிடத்துக்கு 750 மெகாபைட். ஒலியையும் சேர்க்க வேண்டும். என் கமரா சுருக்காத இரட்டை ஒலியை 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிட்டில் எழுதுகிறது. அது சுமார் 1.5 மெகாபிட். 101.5 பெருக்கல் 7.5, 761 மெகாபைட். படத்தோடு ஒப்பிட்டால் ஒலி ஒன்றுமே இல்லை, ஆனாலும் நான்கு மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட 3 ஜிபி ஆகிவிடும் என்பதால் விடாமல் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊர் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மண்டப விளக்குகள் மினுங்காமல் இருக்க 25 அல்லது 50 ஃபிரேமில்தான் எடுப்பேன். கீழே உள்ள எல்லாம் 25 ஃபிரேமுக்கான கணக்கு. முதல் நான்கு வரியும் என் கமரா மெனுவில் உள்ள தெரிவுகள். கடைசி இரண்டும், தொகுப்பதற்கென்று அப்பிள் செய்த புரோரெஸ் என்ற கோப்பு வகைக்கு அவர்கள் வெளியிட்ட பிட்ரேட்டிலிருந்து போட்டது. அவற்றில் ஒலி சேர்க்கவில்லை.

| தெரிவு | நிமிடத்துக்கு | 256 ஜிபி கார்டில் |
|---|---|---|
| `XAVC S HD`, `50M` | 386 எம்பி | 663 நிமிடம் |
| `XAVC S 4K`, `100M` | 761 எம்பி | 336 நிமிடம் |
| `XAVC S 4K`, `140M` | 1,061 எம்பி | 241 நிமிடம் |
| `XAVC S-I 4K`, 250 மெகாபிட் | 1,886 எம்பி | 135 நிமிடம் |
| புரோரெஸ் 422, 1080 | 915 எம்பி | 280 நிமிடம் |
| புரோரெஸ் 422 எச்கியூ, 4கே | 5,527 எம்பி | 46 நிமிடம் |

இரண்டாம் வரியையும் ஐந்தாம் வரியையும் பாருங்கள். 1080இல் எடுத்த புரோரெஸ், 4கேயில் எச்.264ஆக எழுதும் `XAVC S`ஐ விட அதிக இடம் பிடிக்கிறது. நான்கில் ஒரு பங்கு பிக்சல், ஆனால் கோப்பு பெரிது. "இடம் காணாது, 1080க்கு இறங்குவோம்" என்று முடிவெடுப்பவர்கள் கோடெக்கைக் கவனிக்காவிட்டால் இறங்கியும் பலனில்லை.

காரணம் சுருக்கும் முறை. `XAVC S` போன்றவை ஒரு முழு ஃபிரேமை எழுதிவிட்டு, அடுத்து வரும் ஃபிரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதுகின்றன. நீளமான இடைவெளியில்தான் மறுபடி முழு ஃபிரேம். `XAVC S-I`, புரோரெஸ் இரண்டும் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாக எழுதுகின்றன. அதனால் தொகுப்பவரின் கணினிக்கு வேலை குறைவு, கார்டுக்கு வேலை அதிகம். இந்த வகையில் ஃபிரேம் எண்ணிக்கை இரட்டித்தால் கோப்பும் இரட்டிக்கும். 25இல் 250 மெகாபிட், 50இல் 500. முதல் வகையில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு இரட்டிக்க முடியாது, மெனுவில் அந்த ஃபிரேம் வேகத்துக்கு என்ன எண் இருக்கிறதோ அதுதான்.

மெனுவில் உள்ள எண்ணை எவ்வளவு நம்பலாம்? அரங்கேற்றத்துக்கு முதல் வாரம் மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. விளக்குக்காரர் பின்னணிக்கு எல்இடி திரை போட்டிருந்தார், கோபுரமும் ஓடும் மேகமுமாக. பிள்ளை முழு உடையில் இல்லை, ஆனால் சலங்கை கட்டி ஜதி ஆடினாள். அதில் ஐந்து நிமிடம் எடுத்து வீட்டில் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

```
ffprobe -v error -show_entries format=duration,size,bit_rate -of default=noprint_wrappers=1 C0001.MP4
```

வந்தது இது:

```
duration=300.040000
size=3671754752
bit_rate=97900406
```

ஒலியோடு சேர்த்து 101.5 என்று கணக்கிட்ட இடத்தில் 97.9 மெகாபிட். நிமிடத்துக்கு 734 மெகாபைட். கணக்கு கொஞ்சம் கூட, நிஜம் கொஞ்சம் குறைய. இப்படி இருந்தால் நிம்மதி. மண்டபத்தின் வெற்றுச் சுவரை எடுத்த கோப்பும் இதற்குக் கிட்டத்தான் வந்தது. அதாவது இந்தக் கமரா, முன்னால் என்ன நடந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு இடத்தைத்தான் செலவழிக்கிறது.

மூன்றாவது கமராவாகப் பக்கவாத்தியக்காரரைப் பிடிக்க வைக்கவிருந்த கைத்தொலைபேசி அப்படி நடக்கவில்லை. அதன் செட்டிங்ஸில், 4கேயில் 30 ஃபிரேம் எடுத்தால் நிமிடத்துக்கு 170 எம்பி பிடிக்கும் என்று எழுதியிருக்கும். 25 ஃபிரேமில் எடுத்தால் அதைவிடக் கூடாது என்றுதானே எதிர்பார்ப்போம்? மங்கிய சுவரை எடுத்தபோது நிமிடத்துக்கு 150ஐ ஒட்டி வந்தது. மேடையை எல்இடி திரையோடு எடுத்தபோது 220ஐத் தொட்டது. தொலைபேசி தரத்தை ஓரளவு பிடித்து வைத்துக்கொண்டு கோப்பைப் பெருக்க விடுகிறது. கமரா கோப்பின் அளவைப் பிடித்து வைத்துக்கொண்டு தரத்தை இறங்க விடுகிறது. பரிசோதனையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது இதனால் மாறுகிறது. தொலைபேசியில் அளவைப் பாருங்கள். கமராவில் படத்தைப் பாருங்கள்.

அப்படித்தான் பார்த்தேன். `60M`இல் எடுத்த ஒரு துண்டை முழுத்திரையில் போட்டு, ஜதியை முடிக்கும் வேகமான தீர்மானம் வரும் இடத்தில் நிறுத்தி, சலங்கையைப் பெரிதாக்கினேன். மணிகள் தனித்தனியாக இல்லாமல் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டையாகக் கிடந்தன. பக்கத் திரையின் கறுப்பில் சதுரம் சதுரமாகத் திட்டுகள். அதே இடம் `100M`இல் மணிகள் பிரிந்து தெரிந்தன. கறுப்பு ஓரளவு சுத்தம். மேகம் ஓடும் திரையும், ஆடும் உடம்பும், மின்னும் ஜரிகையும் சேர்ந்தால் 60 மெகாபிட் போதவில்லை. பேச்சு நிகழ்ச்சி என்றால் `60M`இலேயே எடுத்துவிட்டு நிறைய இடம் மிச்சம் பிடித்திருப்பேன். பேசுபவர் அசைவது வாயும் கையும்தான்.

இனி நேரம். பெரும்பாலானோர் பிட்ரேட்டுக்கு மேல் பத்து வீதம், இருபது வீதம் என்று கூட்டி வைப்பார்கள். கமரா சொன்ன எண்ணைத் தாண்டுவது அரிது, அதனால் அங்கே கூட்டுவதில் அர்த்தம் இல்லை. தாண்டுவது நிகழ்ச்சி. கொழும்பில் பிரதம விருந்தினரின் பேச்சை யாரால் நிமிடக் கணக்கில் சொல்ல முடியும்? டீச்சரிடம் உருப்படிகளின் வரிசையையும் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்பதையும் கேட்டு வாங்கினேன். அவருக்கு இந்தக் கேள்வி விநோதமாக இருந்தது.

"வீடியோ எடுக்கிறதுக்கு இதெல்லாம் ஏன் தம்பி?"

"வர்ணத்துக்கு நடுவில கார்ட் முடியக்கூடாது டீச்சர்."

அதன் பிறகு அவரே உட்கார்ந்து எழுதித் தந்தார். விளக்கேற்றலும் வரவேற்பும் 20 நிமிடம். புஷ்பாஞ்சலி 8, அலாரிப்பு 6, ஜதிஸ்வரம் 12, சப்தம் 12. அத்தோடு 58 நிமிடம் முடிகிறது. பிறகு வர்ணம், 42 நிமிடம். 100ஆவது நிமிடத்தில் இடைவேளையும் பேச்சுகளும், 35 நிமிடம் என்று எழுதி அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பிறகு கீர்த்தனம், பதம், தில்லானா, மங்களம், நன்றியுரை. உடை மாற்றும் நேரத்தையும் கூட்டினால் 204 நிமிடம் வந்தது. பேச்சின் கேள்விக்குறிக்காக அதை 240 ஆக்கினேன். கூட்டுவதானால் இங்கேதான் கூட்ட வேண்டும்.

இந்தப் பட்டியல் கையில் வந்ததும் கார்ட் கணக்கின் முகமே மாறியது. மொத்தமாக எத்தனை ஜிபி என்பது வட்டுக்கான கேள்வி. கார்டுக்கான கேள்வி, எந்த நிமிடத்தில் நிறையும் என்பது. என் கையில் 256 ஜிபி கார்ட் இரண்டும் 128 ஜிபி கார்ட் இரண்டும் இருந்தன. கிட்டப் பார்க்கும் கமராவை `XAVC S-I`இல் வைத்து 128 ஜிபி கார்டைப் போட்டிருந்தால் 68ஆவது நிமிடத்தில் நிறைந்திருக்கும். டீச்சரின் பட்டியலில் அது வர்ணம் தொடங்கி 10ஆவது நிமிடம். இதைவிடக் கெட்ட இடம் அந்த மாலையிலேயே இல்லை. `140M`இல் அதே கார்ட் 120 நிமிடம் ஓடும். அது பேச்சுகளுக்குள் விழுகிறது, அங்கே ஆறுதலாக மாற்றலாம்.

`XAVC S-I`ஐக் கைவிட இன்னொரு காரணமும் இருந்தது. 250 மெகாபிட் என்றால் செக்கனுக்கு 31.25 மெகாபைட். கார்டில் `V30` என்று அச்சிட்டிருப்பது, குறைந்தது 30 மெகாபைட் வேகத்தில் எழுதும் என்ற உத்தரவாதம். மயிரிழையில் போதாது. சில நாள் ஓடும், கார்ட் சூடாகும் ஒரு நாள் பதிவு நின்றுவிடும். `V60` கார்ட் வேண்டும், அதன் விலைக்கு இன்னொரு சாதாரண கார்ட் வாங்கி பிரதி எடுக்கலாம் என்பது என் எண்ணம். எச்.265இல் எழுதும் `XAVC HS`ஐத் தொடவே இல்லை. ஏன் என்று தொகுப்பவர் வரும்போது சொல்கிறேன்.

ஆக, கிட்டப் பார்க்கும் கமராவுக்கு `140M`. நிறத்தில் திருத்தம் செய்ய அதில் இடம் அதிகம், மேடையில் ஊதாவும் சிவப்பும் மாறி மாறி அடிக்கும்போது அது தேவைப்படும். 240 நிமிடத்துக்கு 255 ஜிபி. கார்ட் 256. தாளில் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் அந்த 256 முழுதும் நமக்குக் கிடைக்காது, கோப்பு அமைப்புக்கும் கமரா எழுதும் துணைக் கோப்புகளுக்கும் கொஞ்சம் போய்விடும். விண்டோஸில் போட்டுப் பார்த்தால் 238 என்று காட்டும். அது வேறு விஷயம், பயப்பட வேண்டாம். கார்ட் செய்பவர்கள் 1,000ஆல் வகுக்கிறார்கள், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது, இடம் ஒன்றுதான். என் பெருக்கலில் வருவது 1,000 கணக்கு என்பதால் கார்டில் அச்சிட்ட எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், விண்டோஸ் காட்டும் எண்ணோடு அல்ல. இரண்டையும் கலந்தால் 7 வீதம் பிசகும். 4 மணித்தியாலத்தில் அது 17 நிமிடம்.

எப்படியும் ஒரு நிமிட இடைவெளியை நம்பி மேடைக்கு முன்னால் நிற்க நான் தயாரில்லை. இரண்டாவது துவாரத்தில் 128 ஜிபி கார்டைப் போட்டு, முதலாவது நிறைந்தால் அடுத்ததுக்குத் தானாகத் தாவும்படி மெனுவில் வைத்தேன். 241ஓடு 120, மொத்தம் 361 நிமிடம்.

முழு மேடையையும் பிடிக்கும் கமராவுக்கு வேறு விதமாக யோசித்தேன். அதில் `100M`, 240 நிமிடத்துக்கு 183 ஜிபி, 256 கார்ட் ஒன்றே தாராளம். அங்கே பயம் கார்ட் நிறைவது அல்ல, கார்ட் சாவது. கிட்டப் பார்க்கும் கமரா போனால் முழு மேடைக் காட்சியை வைத்து ஒப்பேற்றலாம். முழு மேடைக் காட்சி போனால் அரங்கேற்றமே போன மாதிரி. ஆகவே இதில் தாவும் முறை வேண்டாம், இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறை. அப்படி எழுதினால் சிறிய கார்டின் நேரம்தான் இரண்டுக்கும் நேரம். 256ஓடு 128ஐப் போட்டால் 168ஆவது நிமிடத்தில் தகராறு. தில்லானா நேரம். ஆக இன்னொரு 256 வாங்கத்தான் வேண்டும்.

யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி ஒன்று வாங்கினேன். எந்தக் கடையில் வாங்கினாலும், பெட்டியில் முத்திரை இருந்தாலும், புது கார்டை நான் அப்படியே கமராவில் போடுவதில்லை. 256 என்று அச்சிட்டு உள்ளே 32 மட்டும் இருக்கும் போலிகள் உலகம் முழுதும் சுற்றுகின்றன. அவை பிழை காட்டாது. இருக்கும் இடம் முடிந்ததும் எழுதியதாகப் பொய் சொல்லும், வீட்டில் திறக்கும்போதுதான் கோப்பு உடைந்திருப்பது தெரியும். லினக்ஸிலோ மக்கிலோ இதற்கு எஃப்3 என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கார்டின் கடைசி மூலை வரை எழுதும், பிறகு முழுதையும் திருப்பி வாசிக்கும்:

```
f3write /media/card
f3read /media/card
```

முடிவில் `Data LOST` என்ற வரியில் பூச்சியம் இருக்க வேண்டும். 256 ஜிபியை எழுத ஒரு மணித்தியாலம் போல ஆகும், வாசிக்கும் நேரம் அதற்கு மேல் தனி. எழுதி முடித்ததும் சராசரி வேகத்தையும் காட்டும். கடையில் சொல்லும் 170, 200 எல்லாம் வாசிக்கும் வேகம், நமக்கு வேண்டியது இந்த எண். `100M`க்குத் தேவை 12.5 மெகாபைட்தான், அதனால் இந்தக் கார்ட் சுலபமாகத் தேறியது. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ இதே வேலையைச் செய்யும்.

கார்ட் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தது வட்டு, அங்கேதான் வெள்ளவத்தையில் இருக்கும் தொகுப்பாளர் அண்ணர் வருகிறார்.

"தம்பி, எச்.265 எண்டா என்ர கொம்பியூட்டர் இழுக்காது. எல்லாத்தையும் புரோரெஸ்ஸா மாத்தி ஒரு டிஸ்க்ல போட்டுத் தாரும்."

"எந்தப் புரோரெஸ் அண்ணே?"

"நல்லது எது? எச்கியூ தானே. அதிலயே தாரும்."

அவர் கேட்டதைக் கணக்கில் போட்டேன். 4கேயில் 422 எச்கியூ, 737 மெகாபிட், நிமிடத்துக்கு 5.5 ஜிபி. ஒரு கமராவுக்கு 240 நிமிடம், 1.33 டெராபைட். மூன்றுக்கும் 4 டெராபைட் வட்டுக்குள் மூச்சு விட இடமில்லாமல் அடைய வேண்டும். புரோரெஸ்ஸின் குணம், உள்ளே போவது எதுவானாலும் பிக்சலுக்கும் ஃபிரேமுக்கும் ஏற்பத்தான் இடம் பிடிக்கும். தொலைபேசியில் நிமிடத்துக்கு 220 எம்பியில் கிடந்த அதே காட்சி 25 மடங்கு பெருக்கும். தரம் ஒரு இம்மியும் கூடாது, ஏனென்றால் தொலைபேசி எறிந்துவிட்ட விவரத்தை மாற்றும் மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்?

அவருக்கு உண்மையில் வேண்டியது தொகுக்கும்போது தடங்கல் இல்லாமல் ஓடுவது. அதற்கு 1080இல் புரோரெஸ் புரொக்ஸி போதும். 38 மெகாபிட், நிமிடத்துக்கு 285 எம்பி, மூன்று கமராவுக்கும் சேர்த்து 205 ஜிபி. வெட்டித் தொகுப்பது புரொக்ஸியில், கடைசியில் வெளியே எடுக்கும்போது மூலக் கோப்புகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒத்திகைத் துண்டை இப்படி மாற்றி அவருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்:

```
ffmpeg -i C0001.MP4 -vf scale=1920:-2 -c:v prores_ks -profile:v 0 -c:a copy C0001_proxy.mov
```

முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார், வெண்ணெய் மாதிரி ஓடியது. "இது காணும்" என்றார். தொலைபேசிக் கோப்பு எச்.265 என்பதால் அதற்கு மட்டும் கட்டாயம் புரொக்ஸி வேண்டும். மற்ற இரண்டும் எச்.264, மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்க அவற்றுக்கும் இருந்தால் நல்லது.

ஆக வட்டுக் கணக்கு. முழு மேடை 183, கிட்டக் கமரா 255, தொலைபேசி 53. ஒலிப்பதிவுக் கருவியில் நான்கு தடம், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், நிமிடத்துக்கு 35 எம்பிக்குக் கொஞ்சம் குறைய, மொத்தம் 8. கூட்டினால் 499 ஜிபி. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது, ஆசையாகத்தான் இருந்தது. முழுதும் நிரப்பிய எஸ்எஸ்டி வேகம் குறைந்து இழுக்கும், பேச்சு கொஞ்சம் நீண்டாலும் இடமும் காணாது. 1 டெராபைட் வட்டு இரண்டு எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் மூலக் கோப்புகள், ஒன்றில் மட்டும் கூடவே புரொக்ஸி, அதில் 704 ஜிபி. ஒன்று என்னிடம், மற்றது அண்ணரிடம்.

அன்று பின்னேரம் மண்டபத்தில் செய்த சரிபார்ப்பு ஒன்றுதான். கார்டைக் கமராவிலேயே ஃபோமற் செய்து, தெரிவுகளை எல்லாம் வைத்த பிறகு, திரையின் மூலையில் தெரியும் மிச்ச நேரத்தைத் தாளோடு ஒப்பிட்டேன். `100M`இல் 256 கார்ட் 330 நிமிடத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 550ஐ ஒட்டிக் காட்டினால் யாரோ `60M`க்கு மாற்றிவிட்டார்கள். 130ஐ ஒட்டிக் காட்டினால் அது `XAVC S-I`இல் நிற்கிறது. மெனுவுக்குள் நாலு பக்கம் புகுந்து தேடுவதைவிட இது சுருக்கம். கிட்டக் கமராவைப் பிடிக்க வந்த தம்பியின் திரையில் எண் பொருந்தவில்லை. போய்ப் பார்த்தால் முந்திய வேலைக்காக 50 ஃபிரேமில் வைத்தது அப்படியே இருந்தது. பழைய கமராக்கள் சிலவற்றில் கார்டில் இடம் இருந்தாலும் 29 நிமிடம் 59 செக்கனில் பதிவு தானாக நிற்கும். 42 நிமிட வர்ணத்துக்கு அப்படி ஒன்றைக் கொண்டுபோனால் எந்தக் கணக்கும் உதவாது. இரவல் கமரா வாங்கினால் இதை முதலில் கேளுங்கள்.

விளக்கேற்றியதிலிருந்து நன்றியுரை வரை 228 நிமிடம் ஓடியது. டீச்சரின் கேள்விக்குறி தன் வேலையைக் காட்டிவிட்டது. முழு மேடைக் கமரா இரண்டு கார்டிலும் 167 ஜிபி எழுதியிருந்தது, கணக்கின்படி 174 வந்திருக்க வேண்டும். கிட்டக் கமரா 235 ஜிபி. முதல் கார்டிலேயே 20 நிமிடம் மிச்சம், இரண்டாவது துவாரத்துக் கார்ட் தொடப்படவே இல்லை. தொலைபேசிதான் பிசகியது. 228 நிமிடத்துக்கு 50 ஜிபி என்று பார்த்தால் 56 வந்தது. இரண்டாம் பாதியில் விளக்குக்காரர் புகை விட்டார், புகைக்குள் ஒளிக்கற்றைகள் அசைந்தன. ஒத்திகையில் புகை இல்லை. தொலைபேசியில் 100 ஜிபிக்கு மேல் இடம் விட்டிருந்ததால் அது தெரியாமலே போனது. அடுத்த முறை தொலைபேசிக்கு நிமிடத்துக்கு 250 எம்பி என்று தாளில் திருத்தியிருக்கிறேன்.

அன்றிரவே பிரதி எடுத்தேன். 235 ஜிபி கார்டை யூஎஸ்பி 3 ரீடரில் செக்கனுக்கு 90 மெகாபைட் போல இறக்கினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் முடியும். யூஎஸ்பி 2 துவாரத்தில் தவறிச் செருகினால் அதே கார்ட் 2 மணித்தியாலத்தைத் தின்னும். நான் இறக்கும் நேரத்தையும் தாளில் ஒரு வரியாக எழுதுகிறேன். அடுத்த நாள் காலையில் இன்னொரு வேலை இருந்தால், கார்ட் காலியாகுமா என்பது அந்த வரியில்தான் தெரியும். இரண்டு வட்டிலும் கோப்புகளின் அளவு பைட் கணக்கில் ஒத்துப்போன பிறகுதான் கார்டுகளைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தேன்.